முன்கால் எங்கே விழுகிறது? பந்துவீசும் பிள்ளைகளோடு எங்கள் அனுபவம்

திருப்பூர் அப்பா
என் மகனுக்கு 13 வயது, வலக்கை வேகப்பந்து. போன சீசனில் ஓவருக்கு ஒரு நோ-பாலாவது விழும். "ஓட்டம் தொடங்கும் மார்க்கை ஓர் அடி பின்னால் வைத்துக்கொள்" என்றார்கள். வைத்தான், அப்புறமும் அதேதான். ஒருநாள் பந்தைப் பார்க்காமல் அவன் கால்களை மட்டும் பார்த்தேன். கிரீஸ் நெருங்கும்போது ஒரு முறை குட்டி எட்டு வைக்கிறான், அடுத்த முறை தாவுகிறான். பின்னால் தள்ளிய அந்த ஓர் அடியைக் கடைசித் தாவலிலேயே பிடித்துவிடுகிறான். இரண்டு வாரமாக இடப்பக்கக் கீழ்முதுகில் வலி வேறு. பிடிப்பு என்று தைலம் தேய்க்கிறோம். உங்கள் பிள்ளைகளுக்கு இப்படி வந்ததுண்டா?

மதுரை பயிற்சியாளர்
அண்ணா, முதலில் வலியைப் பாருங்கள். வலக்கை பௌலருக்கு இடப்பக்கக் கீழ்முதுகு வலித்தால் அன்றே பந்தை வாங்கி வைத்துவிடுவேன். ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையும்போது வலி கூடினால் முதுகெலும்பில் கீறல் தொடங்கியிருக்கலாம். கூடாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். தைலம் வேண்டாம்.

ரன்-அப்பை நான் அளக்கும் விதம் இது. கிரீஸிலிருந்து மைதானத்தின் வெறும் பக்கமாகப் பையனை ஓடவிடுவேன். முன்னால் கோடு, ஸ்டம்பு எதுவும் இருக்காது. அவனுக்கு எங்கே தோன்றுகிறதோ அங்கே தாவிப் பந்தை விடட்டும். முன்கால் விழுந்த இடத்தில் நான் ஒரு குச்சி நடுவேன். ஆறு முறை ஓடினால் நாலைந்து குச்சிகள் ஒன்றாகக் கூடி நிற்கும். அந்த இடத்துக்கும் கிரீஸுக்கும் உள்ள தூரம்தான் அவன் ரன்-அப். குச்சிகள் சிதறி நின்றால் மார்க்கைத் தள்ளிப் பயனில்லை. ஓட்டமே சீராக இல்லை என்று அர்த்தம். எப்போதும் ஒரே காலில் தொடங்குகிறானா என்று அப்போதுதான் பார்ப்பேன்.

கோவை லீக் பௌலர்
முன்கால் விழும்போது முட்டி கம்பி மாதிரி நிற்க வேண்டும், அவ்வளவுதான். நான் 12 வயதிலிருந்தே அப்படித்தான் போட்டேன். அதோடு ஆக்‌ஷன் பக்கவாட்டாக இருக்கணும். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973ல் முதுகு எலும்பு முறிந்தது. ஆக்‌ஷனைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார். பிறகு சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் நம் பையன்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

ஸ்ரீபெரும்புதூர் அம்மா
ஆக்‌ஷன் என்றதும் முழங்கை பற்றி என்று நினைத்துப் படித்தேன். என் மகள் லெக்-ஸ்பின் போடுகிறாள், கை மடங்குகிறது என்று ஒருவர் சொல்லிவிட்டார். பந்து விடும்போது மடங்கிய முழங்கை 15 டிகிரி வரை நீளலாம் என்கிறார்களே, அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?

மதுரை பயிற்சியாளர்
முடியாதும்மா, அதற்கென்று கேமரா வைத்து அளக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து ஸ்லோமோஷனில் எடுத்து அனுப்புங்கள், தனியாகப் பேசுவோம்.

கோவை தம்பி, விறைத்த முட்டி வேகம் தருவது உண்மை. ஆனால் பெரிய பௌலர்களின் முன்காலில் உடல் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் கூடச் சுமை விழுகிறது. விறைத்த கால் அதை நேராக இடுப்புக்கும் முதுகுக்கும் அனுப்பும். 13 வயதுப் பையனை முட்டியை மடக்காதே என்று கட்டாயப்படுத்த மாட்டேன். எனக்கு முக்கியம் பாதம் விழும் திசை. பின்கால் விழும் இடத்திலிருந்து எதிர் ஸ்டம்பு வரை சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுங்கள். வலக்கைக்காரனின் இடது பாதம் கோட்டுக்கு வலப்பக்கம் தள்ளி விழுந்தால் இடுப்பு அடைபட்டுவிடும். கை மேலே வரும்போது உடம்பு அந்தக் காலைச் சுற்றி இடப்பக்கமாக ஒடியும். வலி வருவதும் அந்தப் பக்கம்தான். பக்கவாட்டா நேர்முகமா என்று நான் பார்ப்பதில்லை, தோளும் இடுப்பும் ஒரே திசையில் இருந்தால் போதும்.

கோவை லீக் பௌலர்
இடுப்பு பக்கவாட்டில், தோள் நேராக இருந்தால்தான் ஆபத்து என்பதை ஒத்துக்கொள்கிறேன். முட்டி விஷயத்தில் இன்னும் உங்களோடு உடன்பாடில்லை அண்ணா.

திருப்பூர் அப்பா
எம்.ஆர்.ஐ. எடுத்தோம். எலும்பில் கீறல் இல்லை, உள்ளே வீக்கம் இருக்கிறது. ஆறு வாரம் பந்து தொடக் கூடாது என்றார் டாக்டர். அது முடிந்து மறுபடி பார்த்து, போடலாம் என்று சொன்ன பிறகு புல்லில் ஓடவிட்டேன். ஆறில் நாலு குச்சிகள் ஓர் அடிக்குள் நின்றன. பழைய மார்க்கைவிட எட்டு அடி கிட்டே! இத்தனை நாள் பெரியவர்களைப் பார்த்து நீளமாக ஓடி, கடைசியில் மூச்சுவாங்கித் தாவியிருக்கிறான். சுண்ணாம்புக் கோட்டில் முதல் நாள் பாதம் ஒரு ஷூ அகலம் வலப்பக்கம் விழுந்தது. இப்போது நடந்து வந்து போட்டால் கோட்டில் விழுகிறது, ஓடி வந்தால் பத்தில் மூன்று முறை பழைய இடத்துக்கே போகிறது. ஒரு வேளைக்கு மூன்று ஓவர்தான் போடவிடுகிறேன். இங்கிலாந்தில் 13 வயதுக்கு ஒரு ஸ்பெல்லில் ஐந்து, நாளுக்குப் பத்து என்று வைத்திருக்கிறார்களாம். நெட்டில் போடும் பந்துகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டுமா அண்ணா?

மதுரை பயிற்சியாளர்
நான் சேர்ப்பேன். சிமென்ட் நெட் என்றால் இன்னும் குறைப்பேன், அது காலுக்கு விட்டுக்கொடுக்காது.