கும்பிட்ட கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன், பதினொரு நாளாகிறது

கோட்டைமான்

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி மாலை அக்காவுடன் கோணேசர் கோவிலுக்குப் போனேன். கும்பிட்டுவிட்டுக் கோட்டை வாசல் பக்கமாக இறங்கி வருகிறோம், நான் படித்த பள்ளிக்கூடத்து அதிபர் எதிரே ஏறி வந்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கூடவே அவருடைய மனைவி, இன்னும் இரண்டு பேர்.

நான் கும்பிடக் கையைக் குவித்தேன். அவர் கைகுலுக்க வலக்கையை நீட்டினார். அதைப் பார்த்து நான் கையைப் பிரித்து நீட்ட, அவர் என் கும்பிடைப் பார்த்துத் தன் கைகளைக் குவித்துவிட்டார். என் கை பாதி வழியில் நிற்கவில்லை. குவிந்திருந்த அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். "வணக்கம் தம்பி" என்றார். "பரவாயில்லை சேர்" என்றேன்.

அவ்வளவுதான். மூன்று விநாடி இருக்கும். அன்றிலிருந்து குளிக்கும்போதும் நித்திரைக்குப் படுக்கும்போதும் இது ஓடுகிறது. அவர் வீடு இருக்கிற வீதியால் வேலைக்குப் போவதையும் விட்டுவிட்டேன், கடற்கரைப் பக்கமாகச் சுற்றிப் போகிறேன். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட யோசிக்கிறேன். இப்படி உங்களுக்கும் நடந்திருக்கிறதா? அவர் இதை நினைவில் வைத்திருப்பாரா?

நிலாவெளி பஸ்

தம்பி, ஒருவரும் உங்களைக் கவனிக்கவே இல்லை. எல்லாருக்கும் அவரவர் பாடு. நான் ஒருமுறை பஸ் நிலையத்தில் எனக்குக் கை காட்டுகிறாள் என்று நினைத்து ஒரு பிள்ளைக்கு இரண்டு கையாலும் கை காட்டினேன். அவள் காட்டியது எனக்குப் பின்னால் நின்ற தன் தாய்க்கு. தாயும் பார்த்தார், நடத்துநரும் பார்த்தார். அடுத்த நாள் அதே பஸ்ஸில் போனேன், ஒருவருக்கும் ஒரு ஞாபகமும் இல்லை. பூச்சியம். மறந்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

கிண்ணியாக் கரை

இதற்குத்தான் முன்கூட்டியே ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ள வேண்டும். நான் கடையில் நிற்கிறவன், மூன்று சமூகத்து ஆட்களும் வருவார்கள். வயதில் மூத்தவர் முதலில் என்ன செய்கிறார் என்று பார்த்து அதையே திருப்பிச் செய்வேன். அவர் ஸலாம் சொன்னால் ஸலாம், கும்பிட்டால் வணக்கம், ஆயுபோவன் என்றால் ஆயுபோவன். பெண்களுக்கு நானாகக் கை நீட்டுவதே இல்லை, நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினால் போதும். நீங்கள் அவசரப்பட்டு முதலில் கும்பிட்டதுதான் பிழை.

கோட்டைமான்

நானா, எது சரியான வணக்கம் என்று நான் கேட்கவில்லை. அது நடந்து முடிந்துவிட்டது. ஏன் தலைக்குள் முடிய மாட்டேன் என்கிறது என்றுதான் கேட்கிறேன். சரி, அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறேன்.

உவர்மலை

உளவளத்துணை வேலையில் பல வருடமாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் பெரிய துயரத்தோடு வந்தாலும், பேச்சு நடுவில் இப்படியொரு மூன்று விநாடிக் கதையைத்தான் வெட்கத்தோடு எடுப்பார்கள்.

நிலாவெளிக்காரர் சொன்னது பாதி சரி. பூச்சியம் என்பது சரியில்லை. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் தோமஸ் கிலோவிச்சும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மாணவர் ஒருவருக்கு, அந்த வயதினர் போட்டுக்கொள்ளக் கூசும் ஒரு பாடகரின் படம் போட்ட டீசேர்ட்டை மாட்டி, வேறு மாணவர்கள் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே கூப்பிட்டு, "உள்ளே இருந்தவர்களில் எத்தனை பேர் அந்தப் படம் யாருடையது என்று சொல்லுவார்கள்?" என்று கேட்டார்கள். போட்டிருந்தவர்களின் கணிப்பு சராசரியாக 46 சதவீதம். உண்மையில் சொல்ல முடிந்தவர்கள் 23 சதவீதம். ஆக, சிலர் கவனிக்கத்தான் செய்தார்கள், ஆனால் நினைத்ததில் பாதிப் பேர்தான். எனக்குப் பிடித்தது அதே கட்டுரையின் இன்னொரு பகுதி. அந்த டீசேர்ட்டைப் போட்டு ஒரு கால் மணி நேரம் சும்மா இருந்து, அது உடம்புக்குப் பழகின பிறகு உள்ளே போனவர்கள் குறைவாகத்தான் கணித்தார்கள். பார்க்கிறவர்கள் மாறவில்லை, போட்டிருந்தவருக்குத் தன் உடுப்பின் நினைப்புக் குறைந்தது, அவ்வளவுதான்.

தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். மனதில் ஓடும் அந்தக் காட்சியில் உங்கள் முகம் தெரிகிறதா?

கோட்டைமான்

தெரிகிறது. ஒரு அசட்டுச் சிரிப்பு. கை நடுவில் தொங்குகிறது. பக்கவாட்டில் இருந்து பார்ப்பது போல.

உவர்மலை

அன்று உங்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது சேரின் முகமும் அவருடைய கைகளும்தான். பக்கவாட்டில் நின்று எடுத்த அந்தப் படம் வீட்டுக்குப் போன பிறகு நீங்கள் செய்தது. உள்ளே எவ்வளவு கூச்சம் இருந்ததோ அதை அளவாக வைத்து வெளித்தோற்றத்தை வரைந்திருக்கிறீர்கள். சமூகப் பதற்றம் பற்றி 1995இல் கிளார்க், வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதியதில் இந்த வெளியிலிருந்து பார்க்கும் படமும் இருக்கிறது, சம்பவத்துக்குப் பிறகு தனியே இருந்து செய்யும் பிரேதப் பரிசோதனையும் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஆரம்பத்தில் இருந்த கூச்சம்தான் அடுத்த முறைக்குச் சாட்சி. அதனால் சிரிப்பு இன்னும் அசடாகும், கை இன்னும் நீளமாகத் தொங்கும்.

சேரின் பக்கம் பாருங்கள். அவரும் கையை மாற்றினார். தன் கையை என்ன செய்வது, இந்தப் பையனின் பெயர் என்ன, எந்த வருடம் படித்தவன் என்று அவருக்கும் வேலை இருந்திருக்கும். வணக்கம் சொல்வது தினமும் பத்துத் தடவை நடப்பது. "வரும் வழியில் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன்" என்ற அளவில்தான் பெரும்பாலும் தங்கும். பிறகு அவர் அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை என்றால் இருந்ததும் மங்கிவிடும். நீங்கள் பதினொரு நாளில் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பீர்கள்?

கோட்டைமான்

எண்ணவில்லை அக்கா. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை என்று வைத்தாலும் எண்பது வரும்.

மூன்றாம் குறுக்கு

மன்னிக்கவேண்டும், எனக்கு இது ஒத்துவரவில்லை. அந்த அறையில் இருந்தவர்களுக்கு டீசேர்ட் போட்டவன் யாரோ. எங்கள் ஊரில் யார் யாருடைய மகன் என்று சந்தியில் நிற்கிறவனுக்கும் தெரியும்.

என் கதையைக் கேளுங்கள். 2011இல் பெரியப்பாவின் செத்தவீடு. புறப்படும்போது பெரியம்மாவின் கையைப் பிடித்து, "சரி பெரியம்மா, போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டேன். செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது, அதிலும் "வாறன்" என்று சொல்லவே கூடாது என்பது தெரியாத வயதில்லை, வாய் பழக்கத்தில் வந்துவிட்டது. இன்றைக்கும் எந்தக் கலியாண வீட்டில் கண்டாலும் சின்ன மாமா, "என்ன, போயிட்டு வாறியோ?" என்று கேட்பார். ஒருவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

தேத்தண்ணி அன்ரி

எனக்கு 67 வயது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு கலியாண வீட்டில் என் மச்சாளின் மகன் என்னைக் கண்டும் காணாதது போலப் போனான். போட்டிருந்த சேர்ட் முதற்கொண்டு ஞாபகம் இருக்கிறது. ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களுக்கு மறதி என்று நினைக்க வேண்டாம்.

உவர்மலை

இரண்டும் நல்ல எதிர்க் கேள்வி. மூன்றாம் குறுக்கு சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அந்த ஆய்வு அறிமுகமில்லாத ஆட்களுக்கு நடுவில் நடந்தது. சொந்தபந்தம் கூடும் இடத்துக்கு அந்த 23ஐ அப்படியே தூக்கி வர முடியாது. ஆனால் ஒன்று கவனியுங்கள். உங்கள் "வாறன்" ஏன் உயிரோடு இருக்கிறது? மாமா அதைச் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறார். அது பழக்கத்தை மீறியது, கேட்டதும் சிரிப்பு வருவது, சொல்ல ஒரே வரி. அப்படிக் கதையாகக்கூடியது நிலைக்கும். தம்பியின் சம்பவத்தை ஒருவருக்குச் சொல்ல வேண்டுமென்றால் யார் கை எப்போது எங்கே இருந்தது என்று படம் கீறித்தான் விளக்க வேண்டும். கதையாகச் சொல்லவே கஷ்டம்.

அன்ரி, உங்களுக்கு ஞாபகம் இருப்பது அவன் தடுமாறினதல்ல, உங்களை மதிக்காமல் போனது. அங்கே வெளிச்சம் உங்கள் மேல் விழுந்தது, அதனால்தான் சேர்ட் வரைக்கும் பதிந்திருக்கிறது. தம்பி சேரை அவமதிக்கவில்லை. இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கியிருக்கிறார், கூடிப்போனால் அன்பு மிஞ்சிவிட்டது என்று நினைத்திருப்பார்.

தேத்தண்ணி அன்ரி

அவனுக்கு அன்றைக்கு என்னைத் தெரியாமலே இருந்திருக்குமோ? மீசை வைத்திருந்தான், நான்தான் அடையாளம் கண்டேன். ம்.

மூன்றாம் குறுக்கு

அப்படியென்றால் மாமா சொல்லுவதை நிறுத்தினால்தான் என் கதை முடியும். அவர் நிறுத்தமாட்டார்.

உவர்மலை

தம்பிக்கு இரண்டு வேலை. மன்னிப்புக் கேட்கப் போக வேண்டாம். போனால் சேர் மறந்ததை நீங்களே முழு விவரத்தோடு அவர் கையில் கொடுப்பீர்கள். சுற்றிப் போவதை மட்டும் நிறுத்துங்கள். அந்த வீதியைத் தவிர்க்கும் ஒவ்வொரு காலையும் "அங்கே ஏதோ ஆபத்து" என்று நீங்களே மனதுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். ஒரு வாரம் பழையபடி போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேறு ஆட்களையும் இடங்களையும் தவிர்க்கத் தொடங்கினால் அது வணக்கத்தின் கதையல்ல, நேரில் ஒருவரிடம் கதையுங்கள்.

இரண்டாவது, அக்கா பக்கத்தில் நின்றார் அல்லவா? அவருக்கு என்னென்ன ஞாபகம் இருக்கும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு, "அன்றைக்கு வாசலடியில் என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். கையைப் பற்றி நீங்களாக எடுத்துக் கொடுக்கக்கூடாது.

கோட்டைமான்

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். தாளில் நான் எழுதினது: கையைப் பிடித்தது, "பரவாயில்லை சேர்", சேரின் மனைவி சிரித்தது.

அக்கா சொன்னது வேறு. மான் ஒன்று பின்னால் வந்து அவருடைய பையிலிருந்த வாழைப்பழத்தை இழுத்ததாம். எனக்கு மான் நின்றதே ஞாபகம் இல்லை. சேர் மெலிந்துவிட்டார் என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்ர செருப்பு அறுந்ததை அவையள் கண்டிருப்பினமோடா?" என்று கேட்டார். மேலே ஏறும்போதே வார் அறுந்து, வாசல் வரைக்கும் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்திருக்கிறார். சேரின் மனைவி சிரித்தது அதைப் பார்த்துத்தான் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டு இருந்தாராம்.

நான் காணவே இல்லை. பக்கத்தில்தான் நடந்து வந்தேன்.

வீதியால் இரண்டு நாளாகப் போகிறேன். சேர் இன்னும் எதிர்ப்படவில்லை. எதிர்ப்பட்டால் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

கிண்ணியாக் கரை

அதைத்தான் தம்பி முதலே சொன்னேன். அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.