உதவி: டிராப்பாக்ஸ் மாதிரி டிசைன், கான்ஃப்ளிக்ட்ல மாட்டிக்கிட்டேன் (அவசரம்)

கடைசிபெஞ்ச்: நாளைக்கு இண்டர்வியூல சிஸ்டம் டிசைன் ரவுண்டு. ஃபைலைத் துண்டாக்கி ஏத்தறது வரைக்கும் ஓகே. ரெண்டு பக்கமும் மாத்திட்டா எது நிக்கும்?

வெண்பலகை: ரெண்டு பக்கம்னா? ஒருத்தரோட ரெண்டு டிவைஸா, ரெண்டு ஆளா? ஆஃப்லைன் எடிட் உண்டா? துண்டு சைஸ் என்ன?

மாமரம்: கடைசியா சேவ் பண்ணின நேரம் ஜெயிக்கும். அவ்வளவுதான்.

நூல்கண்டு: வேண்டாம் நண்பா. ஒரு லேப்டாப் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடினா பழைய எடிட் ஜெயிச்சிடும், புதுசு சத்தமில்லாமப் போயிடும்.

கடைசிபெஞ்ச்: லேப்டாப், போன். ஆஃப்லைன் உண்டு. 4 எம்பி துண்டு.

மாமரம்: அப்போ 1 ஜிபி ஃபைல்ல 256 துண்டு. லேப்டாப் 3-வதை மாத்துது, போன் 200-வதை மாத்துது. ரெண்டையும் சேர்த்துட்டா போச்சு!

நூல்கண்டு: அங்கதான் ஃபைல் கெடும். அது டேட்டாபேஸ் ஃபைல்னா 3-வது துண்டுல இருக்கிற இண்டெக்ஸ் 200-வதோட பழைய நிலையைக் காட்டும். சர்வருக்கு உள்ளடக்கம் தெரியாது, அதனால சேர்க்கக் கூடாது.

ரெண்டு டிவைஸும் வெர்ஷன் 7-ல இருந்து கிளம்புதுன்னு வைங்க. துண்டுகள் ஹாஷ் பேர்ல முதல்ல ஏறும். அதுவரை ஃபைல் மாறாது. கடைசியா ஹாஷ் பட்டியல் மட்டும் கமிட் ஆகும்:

```
UPDATE files SET version = 8, blocks = :list
WHERE id = :id AND version = 7;
```

லேப்டாப் முந்தினா போனுக்கு 0 வரிசை திரும்பும். கான்ஃப்ளிக்ட்டுக்கு அதுதான் அடையாளம். போன் தன் பட்டியலை வேற பேர்ல, ‘முரண்பட்ட நகல்’னு, புது ஃபைலா கமிட் பண்ணும். துண்டுகள் ஏற்கெனவே ஏறியாச்சு, திரும்ப ஏத்த வேண்டாம்.

தூறல்: எங்க எடிட்டர்ல சிஆர்டிடி வெச்சு எழுத்தெழுத்தா மெர்ஜ் பண்றோமே?

வெண்பலகை: அது டாகுமென்ட் எடிட்டர். இங்க பைட்டுதான்.

பெரியதம்பி: அடிப்படையே தெரியாம ரவுண்டுக்குப் போறீங்க. நிலையான 4 எம்பின்னா தொடக்கத்துல ஒரு பைட் சேர்த்தாலே எல்லா ஹாஷும் மாறிடும். உள்ளடக்கத்தைப் பார்த்து வெட்டணும், ரோலிங் ஹாஷ்.

வெண்பலகை: பெரிய ஃபைல்ல பாதி வீடியோ, அதை யாரும் நடுவுல திருத்தறதில்லை. ஜிப்புக்கும் பிரயோஜனம் இல்லை, கம்ப்ரஸ் பண்ணினதும் எல்லாமே மாறும்.

பெரியதம்பி: டாக்எக்ஸும் ஜிப்தான் தம்பி. உள்ள இருக்கிற படம் மாறாது, இடம்தான் நகரும். ரோலிங் ஹாஷ் அதைப் பிடிக்கும்.

வெண்பலகை: பத்து எம்பி டாக்எக்ஸுக்காக எல்லா போன்லயும் சிபியூவை எரிக்கணுமா?

கடைசிபெஞ்ச்: இண்டர்வியூ முடிஞ்சது. 0 வரிசை வரைக்கும் சொல்லிட்டேன். யாரும் கமிட் பண்ணாத துண்டை எப்போ அழிப்பீங்கன்னு கேட்டாங்க. ‘உடனே’ன்னேன், முகம் மாறிச்சு.

நூல்கண்டு: ‘இந்தத் துண்டு இருக்கா’ன்னு கிளையன்ட் கேட்டு, சர்வர் ‘இருக்கு’ன்னு சொல்லி, கமிட் வர்றதுக்குள்ள அழிச்சா ஓட்டை ஃபைல்தான் மிஞ்சும். ‘இருக்கு’ன்னு சொல்லும்போதே அந்தத் துண்டோட காலக்கெடுவை நீட்டணும். கமிட்லயும் ஒருமுறை சரிபார்க்கணும்.

மாமரம்: காலக்கெடு எவ்வளவு? ஒரு நாள்?

பெரியதம்பி: மெதுவான நெட்ல 50 ஜிபி ஏத்தறவனைக் கேளுங்க.