தை மாதம் பார்த்த கூரையில் ஆனி மாதம் விழுந்த நிழல்

சாட்ஸ்வர்த் அக்கா

2023-ல் இங்கே தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது நாங்களும் கூரையில் சோலார் போட்டோம். பேனல் விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ராண்ட் வரிச்சலுகை என்று அந்த மார்ச்சில் வந்ததால் கொஞ்சம் அவசரமும் இருந்தது. பேனல் போட வந்தவர் தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் காலை ஒன்பது மணிக்குக் கூரையில் ஏறிப் பார்த்தார். வடக்குப் பார்த்த ஓட்டுக் கூரை, வெயில் பளிச்சென்று அடிக்கிறது, நிழலே இல்லை என்றார்.

அவர் போட்ட கணக்கு இதுதான். மாதம் சராசரி 600 யூனிட், நாளுக்கு 20. டர்பனில் நாளுக்கு ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமம், அதனால் 4 கிலோவாட். 550 வாட் பேனல் எட்டு வைத்தால் 4.4 கிலோவாட், தாராளம். கீழ் வரிசையில் நாலு, மேல் வரிசையில் நாலு, எட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வயரில் கோத்து ஒரே ஸ்ட்ரிங்காகச் சேர்த்துவிட்டார்.

ஏப்ரல் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. மே கடைசியில் இருந்து காலை வேளையில் இன்வெர்ட்டர் செயலியில் ஒரு விசித்திரம். வெயில் நன்றாக அடிக்கும் நாளிலும் 200, 300 வாட்டிலேயே கோடு படுத்துக் கிடக்கும். பத்து மணி ஆனதும் ஒரே தாவலில் 2,000-க்கு மேல் போய்விடும். ஜூன் மாதம் சராசரி நாளுக்கு 14 யூனிட்தான் வந்தது. பேனல் கெட்டுப்போயிற்றா, கூரையில் தூசியா என்று ஏணி வைத்துக் கழுவியும் பார்த்தோம். ஒரு நாள் காலை எட்டரைக்கு என் மகன் மேலே ஏறிப் படம் எடுத்து வந்தான். பக்கத்து வீட்டு மாமரத்தின் நிழல் கீழ் வரிசை முழுவதையும் மூடியிருந்தது. ஜனவரியில் அந்த நிழல் எங்கே போயிருந்தது?

பீனிக்ஸ் தம்பி

அக்கா, ஸ்ட்ரிங்கில் ஒரு பேனல் மேல் நிழல் பட்டாலே மொத்தமும் அந்த ஒன்றின் அளவுக்கு இறங்கிவிடும். குழாயில் ஓர் இடத்தில் அடைத்தால் தண்ணீர் மொத்தமும் குறைவது போல. மரத்தை வெட்டச் சொல்லுங்கள், வேறு வழியில்லை.

மாரிட்ஸ்பர்க் வயர்மேன்

அக்கா, நிழல் எங்கே போயிற்று என்பதை முதலில் சொல்கிறேன். ஜனவரி கடைசியில் டர்பனில் காலை ஒன்பதுக்குச் சூரியன் கிட்டத்தட்ட நேர் கிழக்கில், சுமார் 46 டிகிரி உயரத்தில் இருக்கும். ஜூன் 21 வாக்கில் அதே ஒன்பதுக்கு வடகிழக்கில், சுமார் 22 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். உச்சி வேளையிலேயே 37 டிகிரியைத் தாண்டாது. மரம் உங்கள் கூரை விளிம்பைவிட எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம், எந்தத் திசை?

சாட்ஸ்வர்த் அக்கா

விளிம்பு மட்டத்திலிருந்து மேலே சுமார் 4 மீட்டர். தூரம் 7 மீட்டர். வடகிழக்கு.

மாரிட்ஸ்பர்க் வயர்மேன்

அப்படியானால் கணக்கு நேராகவே வருகிறது. அவர் பார்த்த அன்று ஒன்பது மணிக்கு அந்த மரத்தின் நிழல் சுமார் 3.9 மீட்டர், அதுவும் மேற்குப் பக்கமாக விழுந்திருக்கும். உங்கள் கூரையைத் தொட்டிருக்கவே முடியாது. ஜூனில் அதே நேரத்தில் 10 மீட்டர் நீளும், உங்கள் கூரையை நோக்கியே நீளும். பத்து மணிக்கு 7 மீட்டராகச் சுருங்கி விளிம்பை விட்டு இறங்கிவிடும். உங்கள் செயலியில் பத்துக்குக் கோடு தாவுவது அதனால்தான்.

கூரை பார்க்கப் போகும்போது நான் செய்வது ஒன்றுதான். பேனலின் கீழ் விளிம்பு வரும் இடத்தில் கண்ணை வைத்து, கையை நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடிப்பேன். ஒரு முட்டி ஏறக்குறைய 10 டிகிரி. வடகிழக்கில் தொடுவானத்துக்கு மேல் இரண்டு முட்டி உயரத்துக்கு ஏதாவது மறைத்தால், ஜூனில் ஏறக்குறைய ஒன்பது மணி வரை நிழல் இருக்கும். உங்கள் மரம் மூன்று முட்டி உயரம், அதனால் பத்து வரை. மாலைக்கு இதையே வடமேற்கில் பார்க்க வேண்டும். நேர் வடக்கில் நாலு முட்டிக்கு மேல் ஒன்று நின்றால் மதிய வெயிலே போகும், அந்த இடத்தில் பேனல் வைக்காதீர்கள். இதை எந்த மாதத்திலும் செய்யலாம், நிழல் விழும் வரை காத்திருக்க வேண்டாம்.

தம்பி சொன்னது பாதி சரி. ஒவ்வொரு பேனலிலும் பைபாஸ் டையோடு உண்டு, நிழல் பட்ட பகுதியை அது தாண்டிச் செல்லும். உங்கள் ஸ்ட்ரிங்குக்குக் காலையில் இரண்டு வழி இருக்கிறது அக்கா. நிழல் பேனலையும் சேர்த்து எட்டும் மெல்லிய மின்னோட்டத்தில் ஓடலாம், இல்லை நாலு பேனலைத் தாண்டிவிட்டு மீதி நாலும் முழு மின்னோட்டத்தில் பாதி வோல்ட்டேஜில் ஓடலாம். இரண்டாவதுதான் லாபம். ஆனால் பல இன்வெர்ட்டர்கள் அதைத் தேடிப் போகாமல் முதல் வழியிலேயே நின்றுவிடும். அப்படி நின்றால்தான் தம்பி சொன்ன குழாய்க் கதை நடக்கிறது. இன்வெர்ட்டரின் தாளில் சோலார் வோல்ட்டேஜ் எல்லை எவ்வளவு, உள்ளீடு எத்தனை என்று பாருங்கள்.

மொரீஷியஸ் மருமகள்

எங்கள் வீடு போர்ட் லூயிஸ் பக்கம், தட்டையான கான்கிரீட் மாடி. எங்களுக்கு நேர்மாறாக நடந்தது. புயல் காற்றுக்குப் பயந்து பேனலைத் தாழ்வாகவே சாய்த்து வைத்தார்கள். தெற்கே இருக்கும் தண்ணீர்த் தொட்டி ஒன்றும் செய்யாது என்றார்கள். டிசம்பரில் அந்தத் தொட்டியின் நிழல் பேனல் ஓரத்தில் விழுந்தது!

மாரிட்ஸ்பர்க் வயர்மேன்

உங்கள் தீவு மகரரேகைக்கு வடக்கே இருக்கிறதம்மா. டிசம்பரில் சூரியன் உங்கள் தலைக்குத் தெற்கே போகும், காலையிலும் மாலையிலும் இன்னும் தெற்கே சாய்ந்து நிற்கும். டர்பனில் உச்சி வேளையில் அது ஒருநாளும் தெற்கே போகாது. உங்களுக்கு நான்கு திசையும் பார்க்க வேண்டியதுதான்.

லோடியம் மாமா

என் சந்தேகம் வேறு. மாதம் 600 யூனிட் என்றால் நாளுக்கு 20. அப்படியானால் 20 யூனிட் பேட்டரி வாங்க வேண்டுமா? இங்கே அவ்வளவு விலை கொடுத்து முடியாது.

சாட்ஸ்வர்த் அக்கா

மாமா, அந்த 20 ஒரே நேரத்தில் போவதில்லை. பேனல் போடுவதற்கு முன் நாங்கள் ஒரு வாரம் பிரீபெய்ட் மீட்டரில் காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும் மீதி யூனிட்டைக் குறித்தோம். பகலில் 9, இரவில் 11. அந்த இரவுக் கணக்கிலும் 6 யூனிட் கீசர்தான், விடிகாலையில் எல்லாரும் குளிப்பதற்கு முன்பே ஓடிவிடுகிறது. அதற்கு டைமர் போட்டுப் பகல் பத்திலிருந்து இரண்டு வரை மாற்றினோம். இப்போது பகலில் 15, இரவில் 5. எங்களுக்கு 5 யூனிட் பேட்டரியே போதும் என்று ஆகிவிட்டது.

இன்னொன்று, டோக்கன் சீட்டைக் கூட்டி மாதக் கணக்குப் போடாதீர்கள். பேனலுக்கு முந்தைய ஜூனில் எங்கள் சீட்டுகள் 850 யூனிட் காட்டின. ஜூலை 1-ல் கட்டணம் ஏறும் என்று முன்கூட்டி வாங்கி வைத்ததுதான் காரணம். உண்மையில் செலவானது 690. மாதம் தொடங்கும்போது மீட்டரில் இருந்த மீதியோடு வாங்கியதைக் கூட்டி, மாதக் கடைசி மீதியைக் கழித்தால்தான் சரியான எண் வரும். 12 மாதத்துக்கும் பார்த்தால் எங்களுக்கு 7,200, சராசரி அதே 600.

மாரிட்ஸ்பர்க் வயர்மேன்

அருமை அக்கா, இது இல்லாமல் பேனல் எண்ணிக்கை பேசுவதில் பொருளில்லை. இப்போது அந்த ஐந்து மணி நேரம். அது பேனல் மேல் விழும் வெயில். சூடு, வயர், இன்வெர்ட்டர், தூசி என்று ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். டர்பன் கடற்கரைக்கு நான் ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் என்றுதான் வைப்பேன். கோடையில் அங்கே மேகமும் மழையும் அதிகம், குளிர்காலத்தில் வானம் தெளிவு, அதனால் சாய்த்து வைத்த பேனலுக்கு இரண்டு பருவமும் பெரிதாக வேறுபடாது. ஜோகன்னஸ்பர்க்கில் இன்னும் கூடுதலாக எடுக்கலாம்.

உங்கள் 4.4 கிலோவாட்டுக்கு நிழல் இல்லாவிட்டால் 17 அல்லது 18 யூனிட் வரும். பகல் 15, பேட்டரிக்கு இரண்டு மூன்று. கீசரை மாற்றியதால் எட்டுப் பேனல் பொருந்திவிட்டது. கீசர் விடிகாலையிலேயே ஓடியிருந்தால் மதியம் பாதி மின்சாரத்துக்கு வேலையே இருந்திருக்காது. மிஞ்சிய மின்சாரத்தை வெளியே லைனுக்கு அனுப்பினால் உங்களுக்குக் கணக்கில் வருமா?

சாட்ஸ்வர்த் அக்கா

வராது, அதற்கான மீட்டர் எங்களிடம் இல்லை. இன்வெர்ட்டர் தாளைப் பார்த்தேன். 125 முதல் 425 வோல்ட், உள்ளீடு இரண்டு. ஒன்று காலியாகவே இருக்கிறது.

பீனிக்ஸ் தம்பி

அப்படியானால் அந்தக் காலி உள்ளீட்டில் கராஜ் கூரையில் இரண்டு பேனல் புதிதாகப் போட்டுவிடலாமே? மேற்கு வெயில் வீணாகாது.

மாரிட்ஸ்பர்க் வயர்மேன்

இரண்டு போதாது தம்பி. இந்தப் பேனல் ஓடும்போது ஒன்று 41 வோல்ட் தரும், இரண்டு 82. இன்வெர்ட்டர் 125-க்குக் கீழே எடுக்காது. மூன்று போட்டாலும் 123, வெயில் சூட்டில் அது இன்னும் இறங்கும். குறைந்தது நாலு வேண்டும்.

அக்காவுக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது. கீழ் வரிசை நாலைத் தனியாகப் பிரித்து இரண்டாம் உள்ளீட்டில் கொடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் 164 வோல்ட். காலையில் கீழ் வரிசை தூங்கினாலும் மேல் வரிசை தன்பாட்டுக்கு ஓடும்.

சாட்ஸ்வர்த் அக்கா

உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து 2024 ஏப்ரலில் அப்படியே பிரித்தோம். புதுப் பேனல் எதுவும் வாங்கவில்லை, வயரும் கூலியும்தான். அந்த ஜூனில் சராசரி 16 வந்தது. எட்டரை வரை மேல் வரிசையின் கிழக்கு ஓரத்திலும் நிழல் விழுகிறது, அதை விட்டுவிட்டோம். மரம் பக்கத்து வீட்டு அவ்வா நட்டது. ஊறுகாய்க்கு எங்களுக்கும் அதிலிருந்துதான் மாங்காய் வருகிறது. அதை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வடகிழக்குக் கிளைகளை மட்டும் கழிக்கலாமா என்று கேட்டிருக்கிறேன்.

பீனிக்ஸ் தம்பி

அக்கா, நிழல் தரும் கிளை உங்கள் பக்கம் நீட்டியிருப்பதாக இருக்கும், அதாவது மரத்தின் தென்மேற்குப் பக்கம். உச்சியையும் கொஞ்சம் இறக்க வேண்டும்.

சாட்ஸ்வர்த் அக்கா

சரிதான் தம்பி, திசையை மாற்றி எழுதிவிட்டேன். உச்சியை ஒரு மீட்டர் இறக்கினால் எவ்வளவு கிடைக்கும் அண்ணா?

மாரிட்ஸ்பர்க் வயர்மேன்

4 மீட்டர் 3 ஆனால் உயரம் 30 டிகிரியிலிருந்து 23-க்கு வரும். பத்துக்குப் பதிலாக ஒன்பதே காலுக்கு விளிம்பு வரை வெயில் வந்துவிடும். ஆனால் மாமரம் வெட்டிய இடத்தில் வேகமாகத் தழைக்கும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஆள் ஏற வேண்டியிருக்கும். அந்தக் கூலிக்கு அந்த முக்கால் மணி நேர வெயில் ஈடாகுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

லோடியம் மாமா

எங்கள் வடக்குப் பக்கத்து மனையில் இப்போது மேல்மாடி கட்ட அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். நாளைக் காலையிலேயே முட்டியை நீட்டிப் பார்க்கிறேன். ஆனால் இன்னும் எழும்பாத சுவருக்கு உயரத்தை எங்கே வைத்து அளப்பது?

மாரிட்ஸ்பர்க் வயர்மேன்

அவர்களிடம் வரைபடத்தைக் கேளுங்கள் மாமா. அதில் கூரை முகட்டின் உயரம் இருக்கும். அதிலிருந்து உங்கள் விளிம்பு உயரத்தைக் கழித்துவிட்டு, தூரத்தையும் சேர்த்து இங்கே போடுங்கள்.