லேப்பல் மைக் வாய்ஸ் கீச்சுன்னு கேக்குது, வீடியோவுக்கு முன்னாடியே முடிஞ்சு போகுது. 44.1 / 48 குழப்பமா?

வெட்டி_ஒட்டி
எல்லாருக்கும் வணக்கம், ரெண்டு நாளா மண்டை காயுது. ஒரு நேர்காணல் எடிட் பண்றேன், கேமரா 25 ஃப்ரேம், அதோட ஆடியோ 48000, பேசுறவர் சட்டையில குத்தின மைக் ஒரு குட்டி ரெக்கார்டர்ல போச்சு அது 44100ல செட் ஆகியிருந்துச்சு (கவனிக்கல, என் தப்பு). ஆரம்பத்துல ஒரு கைத்தட்டு, கடைசில ஒரு கைத்தட்டு தட்டியிருக்கோம். கேமரா ஆடியோல ரெண்டு தட்டுக்கும் நடுவுல கரெக்டா 40 நிமிஷம். லேப்பல் ஃபைல்ல பாத்தா 36 நிமிஷம் 45 செகண்ட் தான் இருக்கு. போதாக்குறைக்கு குரலும் சின்னப் பையன் குரல் மாதிரி ஏறிப்போய் கேக்குது. சரின்னு டைம்லைன்ல ஸ்ட்ரெட்ச் பண்ணி 40 நிமிஷத்துக்கு இழுத்துட்டேன், உதடு ஓரளவு ஒட்டுது ஆனா குரல் அப்படியே தான் இருக்கு, இழுத்ததுல கொஞ்சம் ரோபோ மாதிரியும் ஆகிடுச்சு. என்ன பண்ணலாம்?

கார்த்தி_ஆர்
ப்ரோ இது ரொம்ப சிம்பிள். டைம்லைன் 48ல இருக்கு, ஃபைல் 44.1, ரெண்டையும் கலந்தா எடிட்டர் அதை வேகமா ஓட்டிடும். எப்பவுமே எல்லா ஆடியோவையும் 48க்கு கன்வெர்ட் பண்ணிட்டு தான் உள்ள இழுக்கணும். கன்வெர்ட் பண்ணிட்டு திரும்ப போடுங்க சரியாகிடும்.

வெட்டி_ஒட்டி
கார்த்தி ப்ரோ, எடிட்டர்ல இருந்தே 48க்கு எக்ஸ்போர்ட் பண்ணி திரும்ப உள்ள போட்டுப் பாத்தேன், அதே 36:45 தான், அதே கீச்சுக் குரல் தான்.

பழைய_சவுண்டுக்காரன்
தம்பி அந்த 36:45ஐ கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. 40 நிமிஷம்னா 2400 செகண்ட், 36:45னா 2205 செகண்ட். 2400ஐ 2205ஆல வகுத்தா 1.0884, 48000ஐ 44100ஆல வகுத்தாலும் அதே 1.0884. இது தற்செயல் கிடையாது. 44100 வேகத்துல எடுத்த சாம்பிளை யாரோ 48000 வேகத்துல ஓட விடுறாங்க. குரல் ஏறுறதும் அதே காரணம் தான், அந்த விகிதத்துக்கு ஏறக்குறைய முக்கா கட்டை ஏறும்.

கார்த்தி சொல்றதுல பாதி சரி. விகிதம் அது தான், ஆனா கலந்ததால மட்டும் இப்படி ஆகாது. இப்போ இருக்கிற எடிட்டர் எல்லாம் ஃபைலோட தலைப்புல என்ன ரேட் எழுதியிருக்குன்னு படிச்சு, 44100ன்னு இருந்தா தானே 48000க்கு மாத்திக்கிட்டு தான் ஓட்டும், நீளமும் மாறாது சுருதியும் மாறாது. தப்பு நடக்கிறது அந்தத் தலைப்பு பொய் சொல்றப்போ. சாம்பிள்னா வெறும் எண் வரிசை தான், அதை ஒரு செகண்டுக்கு எத்தனை வாசிக்கணும்னு சொல்றது அந்த லேபிள் மட்டும் தான். லேபிள்ல 48000ன்னு இருந்தா எடிட்டர் நம்பிடும், அப்புறம் நீங்க எத்தனை தடவை கன்வெர்ட் பண்ணாலும் பொய்யையே தான் ஒழுங்கா கன்வெர்ட் பண்ணும்.

இதை ஓட்டி என்ன வருதுன்னு போடுங்க. அந்த ஃபைல் ரெக்கார்டர்ல இருந்து நேரா வந்ததா, நடுவுல யார் கையாவது பட்டுச்சா?

```
ffprobe -v error -show_entries stream=codec_name,sample_rate -of default=nw=1 lapel.wav
```

நிலாமுகில்
எனக்கும் இதே பிரச்சனை!! நான் ஃபோன்ல வீடியோ எடுத்தேன், ஆடியோ தனி ரெக்கார்டர், ரெண்டுமே 48000 தான். முதல் 10 நிமிஷம் சூப்பரா ஒட்டுது, அப்புறம் அரை செகண்ட் விலகிடுது, அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அதே அரை செகண்ட். நானும் 44100ன்னு மாத்தி பாக்கட்டுமா?

பழைய_சவுண்டுக்காரன்
@நிலாமுகில் ஐயோ வேண்டாம்மா, உங்களோடது வேற வியாதி. ரேட் தப்பா இருந்தா முதல் நிமிஷத்துலயே காட்டிக் கொடுத்துடும், நிமிஷத்துக்கு அஞ்சு செகண்ட் ஓடிப்போகும், சுருதியும் மாறும். உங்களுக்கு சுருதி மாறல, ஒரு இடத்துல குதிச்சிட்டு நிக்குது. ஃபோன் வீடியோல ஃப்ரேம் ரேட் நிலையா இருக்காது, முதல்ல அதை சந்தேகப்படுங்க. எடிட்டர்ல போடாம சும்மா ப்ளேயர்ல அந்த ஃபோன் வீடியோவை ஓட்டினா ஃபோனோட சொந்த ஆடியோ உதட்டோட ஒட்டுதா?

வெட்டி_ஒட்டி
அண்ணா இந்தாங்க

```
codec_name=pcm_s24le
sample_rate=48000
```

48000ன்னு காட்டுது! ஆனா ரெக்கார்டர் செட்டிங்கை இப்ப போய் பாத்தேன், 44.1 தான் இருக்கு. நடுவுல ஒண்ணு நடந்துச்சு, என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஆடாசிட்டில போட்டு 48க்கு மாத்தித் தரேன்னு வாங்கிட்டுப் போனான். ஒரிஜினல் கார்டை நான் ஃபார்மட் பண்ணிட்டேன் 😭

பழைய_சவுண்டுக்காரன்
அகப்பட்டுச்சு. ஆடாசிட்டில ட்ராக் பேருக்குப் பக்கத்துல இருக்கிற மெனுல `Rate`ன்னு ஒண்ணு வரும், அதுல போய் 48000ன்னு மாத்திருப்பார் உங்க ஃப்ரெண்டு. அது கன்வெர்ட் பண்ணாது, லேபிளை மட்டும் மாத்தும். நிஜமா கன்வெர்ட் பண்றது மேல `Tracks` மெனுல இருக்கிற `Resample`. முதலாவது அதே சாம்பிளை வேகமா வாசிக்கச் சொல்லும், ரெண்டாவது அதே சத்தத்துக்குப் புது சாம்பிள் கணக்கு போட்டு உண்டாக்கும். பேர் ரெண்டும் கிட்டக்கிட்ட இருக்கு, நானே ஒரு காலத்துல ஒரு முழு கச்சேரியை இப்படி ஏத்திவிட்டு பாடகர் கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அழ வேண்டாம், அவர் பண்ணது லேபிள் மாத்தினது மட்டும் தான்னா எண்கள் அப்படியே தான் இருக்கு, ஒண்ணும் தொலையல. லேபிளைத் திருப்பி 44100 ஆக்கிட்டு, அப்புறம் ஒழுங்கா 48000க்கு மாத்திடலாம்:

```
ffmpeg -i lapel.wav -af "asetrate=44100,aresample=48000" -c:a pcm_s24le lapel_fix.wav
```

`asetrate` லேபிளைத் திருத்துது, `aresample` நிஜ மாற்றம் பண்ணுது. வரிசை மாறக்கூடாது. எடிட்டர்ல இருந்து எக்ஸ்போர்ட் பண்ணதோ ஸ்ட்ரெட்ச் பண்ணதோ வேண்டாம், ஃப்ரெண்டு குடுத்த ஃபைலையே எடுங்க. உங்க ஸ்ட்ரெட்ச் ஏன் வேலை செய்யலன்னா, அது சுருதியை மாத்தாம நீளத்தை மட்டும் இழுக்கிற வகை. நீளமும் சுருதியும் சேர்ந்து கெட்டுச்சு, நீங்க ஒண்ணை மட்டும் திருப்பினீங்க.

கார்த்தி_ஆர்
ஓ லேபிள் விஷயம் தெரியாது, தேங்க்ஸ். ஆனா இதுக்கு கமாண்ட் எதுக்கு, எடிட்டர்லயே சுருதி பூட்டை எடுத்துட்டு ஸ்பீடு 91.875% போட்டா அதே தானே?

பழைய_சவுண்டுக்காரன்
கணக்கு சரி கார்த்தி, அதே தான். ஆனா நிறைய எடிட்டர்ல ரெண்டு தசமம் தான் ஏத்துக்கும், 91.88ன்னு ஆக்கிடும். அந்த 0.005 வித்தியாசம் 40 நிமிஷத்துல 130 மில்லிசெகண்ட், அதாவது 25 ஃப்ரேம்ல மூணு ஃப்ரேம். முன்னாடி ஒட்டி பின்னாடி விலகும், அப்புறம் அதுக்குத் தனியா ஒரு இழை போட வேண்டி வரும் 😄

வெட்டி_ஒட்டி
அண்ணா தெய்வமே!!! குரல் அவர் குரலாவே வந்துடுச்சு. ஆனா... முதல் கைத்தட்டுல ஒட்ட வெச்சுட்டு கடைசிக்குப் போனா லேப்பல் தட்டு கேமரா தட்டுக்கு 90 மில்லிசெகண்ட் முன்னாடி வருது. நடுவுல 20வது நிமிஷத்துல ஒரு டம்ளர் வைக்கிற சத்தம் இருக்கு, அங்க 60 முன்னாடி. இன்னும் ரேட் தப்பா?

பழைய_சவுண்டுக்காரன்
இது ரேட் தப்பு இல்ல, ரெண்டு மெஷினோட கடிகாரம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. 44100ன்னு எழுதியிருந்தாலும் உள்ள இருக்கிற க்ரிஸ்டல் அச்சு அசலா 44100 துடிக்காது. 2400 செகண்டுக்கு 90 மில்லின்னா பத்து லட்சத்துக்கு 37, இது மாதிரி சின்ன ரெக்கார்டருக்கு சகஜம். சுருதில யார் காதுக்கும் தெரியாது, உதட்டுல மட்டும் தெரியும். ஒரே ரேட்ல எடுத்திருந்தாலும் இது இருந்திருக்கும், அதனால அடுத்த தடவை எல்லாத்தையும் 48ல வெச்சாலும் கைத்தட்டை விட்டுடாதீங்க.

இதுக்கும் அதே கமாண்ட் தான், 44100க்கு பதில் 44098ன்னு போடுங்க. ஒரு எண் குறைச்சா 40 நிமிஷத்துக்கு 54 மில்லி நீளும், ரெண்டு குறைச்சா 109. உங்களுக்கு வேணும்கிறது 90, ஒண்ணு பத்தாது, ரெண்டுல கொஞ்சம் கூடுதல்.

நடு அளவு இடிக்குதுங்கறதையும் கவனிச்சேன். நேர்கோடா விலகினா 45 வரணும், நீங்க 60ங்கறீங்க. ரெண்டு கைத்தட்டும் ஒரே இடத்துல நின்னு தட்டினீங்களா? சத்தம் 3 மீட்டர் போக 9 மில்லி ஆகும், தட்டுற இடம் மாறினா கேமரா மைக்குக்கும் லேப்பலுக்கும் போய்ச் சேர்ற நேர வித்தியாசமும் மாறும்.

வெட்டி_ஒட்டி
ஆமாண்ணா முதல் தட்டு கேமரா பக்கத்துல நின்னு தட்டினேன், கடைசித் தட்டு அவரே உக்காந்த இடத்துல தட்டினார். டம்ளரும் அவர் பக்கத்துல தான்.

44098 போட்டாச்சு, இப்ப டம்ளர் 6 முன்னாடி, கடைசித் தட்டு 19 பின்னாடி. ரெண்டும் அரை ஃப்ரேமுக்குள்ள.

பழைய_சவுண்டுக்காரன்
அப்போ உங்க முதல் அளவே கொஞ்சம் சாஞ்சிருக்கு. அவர் பக்கத்துல சத்தம் வந்தா லேப்பலுக்கு உடனே போகும், கேமராவுக்கு லேட்டா போகும், அதுனாலயே ரெண்டு இடத்துலயும் லேப்பல் சில மில்லி முந்தின மாதிரி காட்டும். நிஜ விலகல் 90ஐ விடக் கம்மியா இருக்கலாம். முழுக்க அது தான்னு சொல்ல முடியல, சூடு ஏறினா க்ரிஸ்டலும் லேசா நகரும். அவர் பேசுற ஒரு ப, ம எழுத்தைப் பிடிச்சு உதடு மூடுற ஃப்ரேமைப் பாருங்க, அங்க ஒட்டினா விட்டுடுங்க.

நிலாமுகில்
அண்ணா ப்ளேயர்லயும் பாத்தேன், எடிட்டர்லயும் பாத்தேன், ஃபோன் ஆடியோ ரெண்டுலயும் உதட்டோட கரெக்டா தான் ஒட்டுது. தனி ரெக்கார்டர் மட்டும் தான் அந்த 10வது நிமிஷத்துல குதிக்குது.

பழைய_சவுண்டுக்காரன்
அப்போ நான் ஃபோனை சந்தேகப்பட்டது தப்பு. ரெக்கார்டர் அரை செகண்ட் சாம்பிளை எழுதாம விட்டிருக்கலாம், கார்டு மெதுவா இருந்தா நடக்கும். விலகல் எந்தப் பக்கம், ரெக்கார்டர் சத்தம் முந்துதா பிந்துதா? முந்தினா சாம்பிள் தொலைஞ்சிருக்குன்னு அர்த்தம். அந்த இடத்துல அலையைப் பெருசாக்கி பாருங்க, ஒரு சொல்லு நடுவுல வெட்டுப்பட்டிருக்கா?

நிலாமுகில்
முந்துது தான். ஆனா அந்த இடத்துல யாரும் பேசல, ஃபேன் சத்தம் மட்டும் தான் இருக்கு, வெட்டு எதுவும் கண்ணுக்குத் தெரியல. நாளைக்கு வேற கார்டு போட்டு ஒரு அரை மணி நேரம் ஓட விட்டுப் பாக்குறேன்.

வெட்டி_ஒட்டி
"அம்மா"ன்னு ஒரு சொல் 38வது நிமிஷத்துல கிடைச்சுது, உதடு மூடுற ஃப்ரேம்லயே சத்தம் அடங்குது. ஃப்ரெண்டுக்கு அந்த `Rate` மெனுவோட ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிட்டேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல.