அம்மா புனே வருவதற்குள் தமிழ்ச் சேனல்

குழு: கும்பகோணம் குடும்பம்
வியாழன்

செந்தில், 7:42: எல்லோருக்கும் வணக்கம். அம்மாவை ஞாயிற்றுக்கிழமை புனேவுக்கு அழைத்து வருகிறேன். இடுப்பு எலும்பு சேர இன்னும் இரண்டு மாதம் ஆகும், அதுவரை படுக்கைதான். அவர் அறையில் டிவி வைத்துவிட்டேன், ஆனால் எங்கள் டிடிஎச் பேக்கில் இந்தியும் மராத்தியும்தான் இருக்கின்றன. தமிழ்ச் சேனல் எப்படிச் சேர்ப்பது? ஆப்பைத் திறந்தால் தலை சுற்றுகிறது.

மீனா, 7:44: எட்டு மணி சீரியல் ஒரு நாள் போனாலும் அம்மா சாப்பிட மாட்டார் அண்ணா. சீக்கிரம்.

வசந்தா அத்தை, 7:50: எதற்கு இவ்வளவு யோசனை? 153 ரூபாய் கட்டினால் எல்லாச் சேனலும் தெரியணும் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறதே. பேப்பரில் படித்தேன்.

சேகர், 7:51: அம்மா அது 2019 பேப்பர்

முருகேசன் மாமா, 8:05: வசந்தா சொல்வது பாதி சரி. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புது விலை முறை அமலுக்கு வந்தபோது, இணைப்புக் கட்டணம் 100 சேனலுக்கு 130 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்றார்கள். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. 2020-இல் அதே 130-க்கு 200 சேனல் என்று மாற்றினார்கள். ஆனால் அது சிக்னல் வந்து சேரும் வாடகை மாதிரி. அதில் தூர்தர்ஷனும் இலவசச் சேனல்களும் வரும். சன், விஜய், ஜீ தமிழ் எல்லாம் காசுச் சேனல். ஒவ்வொன்றுக்கும் தனி விலை உண்டு, அது வாடகைக்கு மேலே. 2024 ஜூலையில் அந்த 130 என்கிற உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். அதனால் இப்போது எவ்வளவு வாங்குகிறான் என்று உன் பில்லில்தான் பார்க்க வேண்டும்.

வசந்தா அத்தை, 8:07: அப்போ நான் படித்தது சரிதானே அண்ணே

செந்தில், 8:10: மாமா, நான் கேட்பது வேறு. எங்கள் பேக்கில் 200-க்கும் மேல் சேனல் இருக்கிறது. அதில் ஒரு தமிழ்ச் சேனலைக்கூட ஏன் வைக்கவில்லை?

மீனா, 8:11: மாமா கேபிள் நடத்தியவர், இன்று இரவு முழுக்கச் சொல்வார் 😄

முருகேசன் மாமா, 8:31: சொல்லத்தான் போகிறேன். பதினாறு வருஷம் மடத்துத் தெருவில் கேபிள் இழுத்தவன் நான். உன் வீட்டு மொட்டை மாடியில் இருக்கிற டிஷ்ஷில் தமிழ்ச் சேனல் இப்போதே இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது செந்தில். செயற்கைக்கோள் நாடு முழுவதற்கும் ஒரே கற்றையில் அனுப்புகிறது, புனேவுக்கு ஒன்று கும்பகோணத்துக்கு ஒன்று என்று பிரித்து அனுப்புவதில்லை. உன் பெட்டிக்கு அந்தப் பூட்டைத் திறக்க அனுமதி வரவில்லை, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் தமிழ்ச் சேனல் நம்பரைப் போட்டுப் பார். சேனல் பெயர் வரும், ‘உங்கள் பேக்கில் இல்லை’ என்று எழுத்து ஓடும்.

கேபிளில் கதை வேறு. அங்கே ஊருக்கு ஒரு கட்டுப்பாட்டு அறை, அந்த ஊரில் யார் பார்ப்பார்கள் என்று பார்த்துத்தான் ஏற்றுவார்கள். புனே கேபிளில் சின்னத் தமிழ்ச் சேனல் கிடைப்பது கஷ்டம். நீ டிடிஎச் வைத்திருப்பது நல்லதாய்ப் போயிற்று.

செந்தில், 8:36: நம்பர் போட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே எழுத்து ஓடுகிறது!

கவிதா, 8:37: அப்படியென்றால் திறந்துவிட வேண்டியதுதானே. ஏன் மொழிவாரியாகப் பிரித்து விற்கிறார்கள் சித்தப்பா?

முருகேசன் மாமா, 8:58: நல்ல கேள்வி கவிதா. முன்பெல்லாம் டிடிஎச்காரனே ‘தெற்கு பேக்’ என்று கலந்து கட்டிக் கொடுப்பான், உள்ளே எந்தச் சேனலுக்கு எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. 2019-க்குப் பிறகு சேனல் கம்பெனியே விலையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரே கம்பெனிக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று நாலு மொழியிலும் சேனல் உண்டு. நாலையும் ஒரே கட்டாகக் கட்டினால் விலை ஏறும், கும்பகோணத்தில் யார் கன்னடத்துக்குக் காசு கொடுப்பார்? அதனால் மொழிக்கு ஒரு கட்டு. விளம்பரமும் அப்படித்தான். நம்ம ஊர் ஜவுளிக்கடைக்காரன் தமிழ்ச் சேனலில்தான் விளம்பரம் கொடுப்பான், எத்தனை தமிழ் வீட்டில் ஓடுகிறது என்பதுதான் அவனுக்குக் கணக்கு.

உன் டிடிஎச்காரன் புனே பேக்கில் தமிழை வைத்தால், ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தக் கம்பெனிக்கு அவன் காசு கட்ட வேண்டும். மராத்தி வீட்டில் யாரும் பார்க்காத சேனலுக்கு அவன் ஏன் கட்டுவான்?

சேகர், 9:02: டிடி ஃப்ரீ டிஷ் வாங்கிவிடுங்கள். மாதக் கட்டணமே கிடையாது. என் ரூம்மேட் வைத்திருக்கிறான்.

மீனா, 9:03: அதில் சன் வருமா?

சேகர், 9:09: டிடி தமிழ் வரும்

மீனா, 9:09: அம்மாவுக்கு சன்னும் விஜய்யும்தான் வேண்டும் சேகர் அத்தான். காலையில் ஒரு பக்திச் சேனல்.

வசந்தா அத்தை, 9:12: அண்ணியின் பழைய டிவியையும் அந்தப் பெட்டியையும் அப்படியே எடுத்துப் போயிருக்கலாம். அது இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் இந்தக் குழுவில் பதில் வராது.

மீனா, 9:13: என் வீட்டில்தான் இருக்கிறது அத்தை. அம்மா கொடுத்தார்கள். எத்தனை தடவை சொல்வது

முருகேசன் மாமா, 9:15: அதை விடுங்கள். பெட்டியை எடுத்துப் போனாலும் ஓடும், ஆனால் டிஷ்ஷை அந்த ஊருக்கு ஏற்றபடி திருப்பி வைக்க ஆள் வர வேண்டும். செந்திலிடம் டிஷ் இருக்கிறதே.

செந்தில், 9:40: மாமா ஒரு தப்பு நடந்துவிட்டது. ஆப்பில் ‘தமிழ் பேக்’ என்று ஒன்று இருந்தது, தேர்ந்தெடுத்தேன். இப்போது தமிழ் எல்லாம் வருகிறது. மராத்தி, பிள்ளைகளின் கார்ட்டூன் எல்லாம் போய்விட்டன.

கவிதா, 9:41: சின்னவன் அழுகிறான். அவனுக்கு மராத்தி கார்ட்டூன்தான் புரியும்.

முருகேசன் மாமா, 9:55: நீ தேர்ந்தெடுத்தது டிடிஎச்காரன் கட்டிய அடிப்படை பேக். அது சேராது, இருக்கிறதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். உனக்கு வேண்டியது சேனல் கம்பெனியின் கட்டு. அதைப் பழைய பேக்குக்கு மேலே சேர்க்கலாம். உறுதி செய்வதற்கு முன் ஆப் காட்டும் மொத்தப் பட்டியலைப் பார்: பழைய பேக்கின் பெயர் அப்படியே இருந்து கீழே புதிதாக ஒரு வரி வந்தால் சரி. பழைய பெயரே மாறியிருந்தால் நிறுத்திவிடு. இப்போது கஸ்டமர் கேருக்குப் பேசிப் பழையதைக் கேள்.

செந்தில், 9:57: கம்பெனிக் கட்டும் வேண்டாம், சன், விஜய் இரண்டையும் தனித்தனியாக எடுத்தால் மலிவுதானே?

முருகேசன் மாமா, 10:14: அங்கேதான் சூட்சுமம். ஒரு கம்பெனியின் காசுச் சேனல்களைத் தனி விலையில் கூட்டினால் 60 ரூபாய் என்று வைத்துக்கொள். 2023 பிப்ரவரியிலிருந்து, கட்டாக விற்றால் 45 சதவீதம்வரை தள்ளுபடி தரலாம், அதற்கு மேல் கூடாது. ஆக அந்தக் கட்டை 33 ரூபாய்வரை இறக்கலாம். அதில் அக்கா இரண்டு சேனல் பார்ப்பதாக வைத்துக்கொள், தனியாக வாங்கினால் 19-ம் 12-ம் சேர்த்து 31. இரண்டு ரூபாய் வித்தியாசத்துக்காக எல்லோரும் கட்டையே எடுப்பார்கள். அப்படி எடுக்கட்டும் என்றுதான் பெரிய சேனலுக்குத் தனி விலையை ஏற்றி வைக்கிறார்கள். 19-க்கு மேல் வைத்தால் அந்தச் சேனலைக் கட்டில் போட முடியாது, அதனால்தான் பல பெரிய சேனல்கள் சரியாக 19-இல் நிற்கின்றன. ஒரே ஒரு சேனல் போதுமென்றால் தனியாக எடு. இரண்டுக்கு மேல் போனால் கட்டு.

சேகர், 10:16: 👍

வசந்தா அத்தை, 10:20: விமான நிலையத்தில் சக்கர நாற்காலி சொல்லியாகிவிட்டதா? அதை யாரும் கேட்கவில்லை.

செந்தில், 10:21: சொல்லிவிட்டேன் அத்தை.

கவிதா, 10:24: சித்தப்பா, ஹாலில் ஒரு பெட்டி, மாமியார் அறையில் இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் தமிழ் சேர்க்க வேண்டுமா?

முருகேசன் மாமா, 10:38: இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். வேண்டவே வேண்டாம். ஒரே வீட்டில் இரண்டாவது பெட்டிக்கு வேறு சேனல்கள் வைத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. ஹாலில் உங்கள் பழைய பேக் அப்படியே இருக்கட்டும். அக்கா பெட்டியில் இந்தியும் மராத்தியும் எடுத்துவிட்டுத் தமிழ்க் கட்டு மட்டும் போடு. இரண்டாவது பெட்டிக்கு இணைப்புக் கட்டணம் குறைவு, முன்பு முதல் பெட்டியில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று இருந்தது. இப்போது எவ்வளவு என்று கேட்டுக்கொள்.

வெள்ளி

செந்தில், 11:20: கஸ்டமர் கேரில் முக்கால் மணி நேரம். ஹாலில் பழைய பேக் வந்துவிட்டது, சின்னவன் சிரிக்கிறான். அம்மா பெட்டிக்கு இணைப்பு 52, சன் குழுமக் கட்டும் விஜய் கட்டும் சேர்த்து 73. மொத்தம் 125, ஜிஎஸ்டியோடு 147 ரூபாய் 50 காசு. ஆனால் ஒரு மணி நேரமாகியும் சன் வரவில்லை.

முருகேசன் மாமா, 11:24: பெட்டி ஆனில் இருந்ததா?

செந்தில், 11:25: இல்லை, அணைத்து வைத்திருந்தேன்

முருகேசன் மாமா, 11:31: அனுமதியும் வானத்திலிருந்துதான் வருகிறது, அணைத்திருந்தால் பெட்டிக்குக் கிடைக்காது. ஆன் செய்து சன் நம்பரிலேயே அரை மணி விட்டு வை. அப்புறமும் வராவிட்டால் ரெஃப்ரெஷ் அனுப்பச் சொல். இன்னொன்று, அந்தப் பெட்டி எச்டியா? சாதாரணப் பெட்டி என்றால் எச்டி கட்டு போட்டிருக்கக் கூடாது, காசு போகும் படம் வராது.

செந்தில், 12:10: வந்துவிட்டது! சாதாரணப் பெட்டிதான், கட்டும் சாதாரணம்தான்.

மீனா, 12:12: அண்ணா, அங்கே சேனல் நம்பர் வேறு. அம்மாவுக்கு நம்ம வீட்டு நம்பர்தான் கைப்பழக்கம். ரிமோட்டில் ஃபேவரிட் பட்டனில் ஐந்து சேனல் போட்டுவிடு. அந்தப் பட்டனில் நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வை, இங்கேயும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

கவிதா, 12:15: வைத்துவிட்டேன் மீனா. சிவப்பு.

வசந்தா அத்தை, 12:30: ஜீ தமிழ் எடுத்தீர்களா இல்லையா? அண்ணி அதிலும் மத்தியானம் ஒன்று பார்ப்பாள்.

மீனா, 12:31: அது முடிந்துவிட்டது அத்தை

வசந்தா அத்தை, 12:31: இல்லை, நடக்கிறது. நேற்றுகூடப் பார்த்தேன்.

செந்தில், 12:40: ஜீ இன்னொரு கம்பெனி, இன்னொரு கட்டு. அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன். பக்திச் சேனல்?

முருகேசன் மாமா, 12:44: திருப்பதி தேவஸ்தானத்தின் தமிழ்ச் சேனல் இலவசம். உன் டிடிஎச்காரன் ஏற்றியிருக்கிறானா என்று பட்டியலில் தேடு. எல்லா இலவசச் சேனலையும் எல்லோரும் ஏற்றுவதில்லை.

செந்தில், 12:58: தேடுகிறேன். மாமா, ஞாயிறு காலை சென்னைக்கு நீங்களும் வருகிறீர்களா?

முருகேசன் மாமா, 1:02: முழங்கால் எப்படி இருக்கிறதோ பார்த்துச் சொல்கிறேன்.

மீனா, 1:05: அம்மா போனில் இருக்கிறார். ஜீ வேண்டுமாம். ‘சேகருக்கு எப்போது கல்யாணம்’ என்றும் கேட்கச் சொன்னார்.