பரிந்துரைக் கடிதத்தில் ஒரு குறையை எப்படி எழுதுவது?

வணக்கம். முதுநிலை நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவிக்கு, சர்ஜிகல் வார்டில் 8 வாரம் மேற்பார்வையிட்டவர் என்ற முறையில் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறேன்.

"கடின உழைப்பாளி, பொறுமைசாலி" எல்லாம் யாருக்கும் பொருந்தும் என்பதால் அடித்துவிட்டேன். நேரில் பார்த்ததை மட்டும் வைத்திருக்கிறேன்: அறுவை முடிந்த 2-ஆம் நாள், ஒரு நோயாளியின் மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 18-இலிருந்து 26 ஆனது. மானிட்டரில் ஆக்சிஜன் 95 இருந்தும் மாணவி அதோடு விடவில்லை. மார்பைப் பார்த்து முழு நிமிடம் எண்ணி, நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் டாக்டரிடம் சொன்னார். ஆக்சிஜன் இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகமாவதுண்டு. அதைப் பிடித்ததுதான் திறமை. நோயாளியின் பெயர், படுக்கை எண், தேதி எதையும் எழுதவில்லை.

சிக்கல் இதுதான். முதல் 3 வாரம், மருந்து கொடுத்தவுடன் சார்ட்டில் கையெழுத்திடத் தாமதித்தார். அடுத்த ஷிஃப்டில் வருபவர் அதே டோஸை மறுபடி கொடுத்துவிடும் ஆபத்து அதில் உண்டு. சுட்டிக்காட்டியதும் படுக்கையருகிலேயே கையெழுத்திடத் தொடங்கினார். பிறகு ஒருமுறைகூடத் தவறவில்லை.

இதை மறைக்க மனமில்லை. "தொடக்கத்தில் மருந்துப் பதிவில் தாமதம் இருந்தது, 4-ஆம் வாரத்திலிருந்து நினைவூட்டல் தேவைப்படவில்லை" என்ற வரி போதுமா? எந்த ஆபத்து என்பதையும் சேர்க்க வேண்டுமா? தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.