பராஅத் இரவு வியாழனா வெள்ளியா? மிஃராஜுக்குச் சரியாக வந்த ஆப் இப்போது ஏன் ஒரு நாள் தள்ளுகிறது?

கடலோரக்காரி (2025 பிப்ரவரி 8)

அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். போனில் ஒரு தொழுகை ஆப் வைத்திருக்கிறேன், அதில் ஹிஜ்ரி தேதியும் வரும். மிஃராஜுக்கு அதைத்தான் பார்த்தேன். ஜனவரி 27 திங்கட்கிழமையில் ரஜப் 27 என்று காட்டியது, அன்று இரவு நான் விழித்திருந்து தொழுதேன், பள்ளியிலும் அன்றைக்கே இஷாவுக்குப் பிறகு பயான் நடந்தது. எல்லாம் பொருந்திப் போனது.

இப்போது அதே ஆப் ஷஃபான் 15ஐ பிப்ரவரி 14 வெள்ளிக்கிழமையில் காட்டுகிறது. அப்படியானால் பராஅத் வெள்ளிக்கிழமை இரவு என்று உம்மாவிடம் சொன்னேன். பள்ளிப் பலகையிலோ 13ஆம் தேதி வியாழன் மாலை என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். போதாததற்கு குவைத்தில் இருக்கும் காக்கா, தனக்கு மிஃராஜ் லீவே ஜனவரி 30ஆம் தேதிதான் கிடைத்தது, நீங்கள் என்ன 27 என்கிறீர்கள் என்று சிரிக்கிறார்.

உம்மா மறுநாள் நோன்பும் வைப்பார். சஹருக்கு எந்த ராத்திரி எழுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஆப் கெட்டுப் போச்சா, நான் பார்க்கும் விதம் தப்பா?

ஒண்ணு கூட்டு

ஆப் எல்லாம் சவூதிக் கணக்கு தங்கச்சி. சவூதித் தேதியோடு ஒரு நாள் கூட்டினால் நம் தேதி, அவ்வளவுதான். நான் இருபது வருஷமா அப்படித்தான் பார்க்கிறேன். அதன்படி சவூதியில் 14 என்றால் நமக்கு 15ஆம் தேதி சனிக்கிழமை, அதன் இரவு வெள்ளி. நீங்கள் உம்மாவிடம் சொன்னதுதான் சரி. பலகையில் எழுதியவர் தப்பா எழுதியிருப்பார்.

தலைப்பிறை

காக்கா, பொறுங்கள், பள்ளிப் பலகை சரிதான். இந்த மாதம் ஒன்றைக் கூட்டினால் உம்மாவுக்கு பராஅத் தவறிவிடும்.

கடலோரக்காரி, நீங்கள் செய்ததில் இரண்டு பிசகு இருக்கிறது. மிஃராஜுக்கு அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் விடை தானாகச் சரியாக வந்துவிட்டது. பராஅத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, அதனால்தான் ஒரு நாள் தள்ளி நிற்கிறது.

முதல் பிசகு இரவைப் பற்றியது. நம் கணக்கில் நாள் மஃரிபில் தொடங்குகிறது, அதாவது முதலில் இரவு வரும், பிறகுதான் பகல். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'வெள்ளி இரவு' என்று சொன்னால் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், வியாழன் மாலை சூரியன் இறங்கியதிலிருந்து என்பார்கள். ஆப் பகலைப் பார்த்துத் தேதி போடுகிறது. பிப்ரவரி 14 வெள்ளி ஷஃபான் 15 என்றால், அந்தப் பதினைந்தின் இரவு 13 வியாழன் மஃரிபிலேயே வந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை வந்தால் அது 16ஆம் இரவு. உம்மா நோன்பு வைக்கப்போவது வெள்ளிக்கிழமை பகலில், எனவே சஹருக்கு எழுப்ப வேண்டியது வியாழன் படுத்து வெள்ளி விடியும் முன்.

இரண்டாவது பிசகு நாட்டைப் பற்றியது. உங்கள் ஆப் சவூதியின் உம்முல் குரா நாட்காட்டியைக் காட்டுகிறது. அங்கே ரஜப் ஜனவரி 1ஆம் தேதி பிறந்தது, அதனால் 27ஆம் பகல் ஜனவரி 27 திங்கள், அதன் இரவு 26 ஞாயிறு மாலை. இங்கே நமக்கு டிசம்பர் 31 மாலை பிறை தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை, அன்று விடியற்காலை நாலு மணிவாக்கில்தான் சந்திரன் சூரியனோடு கூடியது, மாலையில் அதற்கு 14 மணி நேர வயசுதான். ஜனவரி 1 மாலை பார்த்து 2ஆம் தேதி வியாழன் ரஜப் 1 ஆனது. அப்போது நம் ரஜப் 27 ஜனவரி 28 செவ்வாய், அதன் இரவு 27 திங்கள் மாலை.

நீங்கள் சவூதித் தேதியை எடுத்தீர்கள், அது நமக்கு ஒரு நாள் முந்தியது. அந்தப் பகலுக்குப் பின் வரும் இரவை எடுத்தீர்கள், அது ஒரு நாள் பிந்தியது. கூட்டிக் கழித்தால் பூஜ்யம், திங்கள் இரவே வந்தது.

கடலோரக்காரி

யா அல்லாஹ், தப்பும் தப்பும் சேர்ந்து சரியாச்சா! ஆனால் சவூதி ரஜப்பில் முன்னாடி இருந்தால் ஷஃபானிலும் முன்னாடி இருக்க வேண்டும் அல்லவா? பள்ளிப் பலகையும் ஆப்பும் இரண்டுமே பிப்ரவரி 14ஐ 15 என்கின்றனவே.

தலைப்பிறை

அதுதான் 'ஒண்ணு கூட்டு' காக்காவின் கணக்கு உடைகிற இடம். ஜனவரி 30 வியாழன் மாலை நமக்கு ரஜப் 29. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கே சந்திரன் கூடி முடிந்திருந்ததால் பிறைக்கு முழுசா ஒரு நாள் வயசு, பார்க்க முடிந்தது. ஆக நமக்கு ரஜப் 29 நாளோடு முடிந்தது. சவூதியில் அதே மாலை ரஜப் 30. இரண்டு பேருக்கும் ஷஃபான் 1 ஜனவரி 31 வெள்ளி. முன்னால் ஓடியவர் ஒரு நாள் நின்றார், நாம் போய்ச் சேர்ந்துகொண்டோம்.

வித்தியாசம் மாதா மாதம் மாறும், ஒரு மாதம் ஒன்று, ஒரு மாதம் ஒன்றும் இல்லை. ஆப்பின் செட்டிங்கில் ஹிஜ்ரி தேதியை ஒன்று கூட்டவோ குறைக்கவோ ஓர் இடம் இருக்கும். ரஜப்பில் அதை −1 என்று வைத்தவர்கள் ஷஃபானில் பழையபடி 0 ஆக்காவிட்டால் இப்போது அவர்களுக்கு ஒரு நாள் பிந்திக் காட்டும். மாதப்பிறப்பு அறிவிப்பு வந்த அன்று ஒரு தடவை பார்த்துச் சரி செய்தால் அந்த மாதம் முழுக்கக் கவலை இல்லை.

முதல் தேதியின் கிழமையைப் பிடித்துக்கொண்டால் ஆப்பே வேண்டாம். 15ஆம் பகல் எப்போதும் முதல் தேதியின் கிழமையிலேயே விழும், ஷஃபான் வெள்ளியில் பிறந்தால் 15உம் வெள்ளி, இரவு வியாழன் மாலை. ரஜப் 27க்கு முதல் தேதியின் கிழமையிலிருந்து இரண்டு பின்னால் போங்கள், வியாழனில் பிறந்தால் 27ஆம் பகல் செவ்வாய், இரவு திங்கள் மாலை. இன்னொரு சோதனையும் உண்டு: மிஃராஜ் இரவிலிருந்து பராஅத் இரவுக்கு 17 நாள் அல்லது 18 நாள்தான் இருக்க முடியும். ஜனவரி 27க்கு 17 கூட்டினால் பிப்ரவரி 13. 19 வந்தால் எங்கோ இரவையும் பகலையும் கலந்துவிட்டோம் என்று அர்த்தம்.

கோடுக்காரன்

இவ்வளவு பேச்சு எதற்கு, பிரவுசர் கன்சோலில் இதைப் போடுங்கள்:

```
new Intl.DateTimeFormat('en-u-ca-islamic-umalqura')
  .format(new Date(2025, 0, 27))
```

`7/27/1446 AH` என்று வரும். ஏழாவது மாதம் ரஜப், எட்டாவது ஷஃபான். (ஜனவரிக்கு 0 போட வேண்டும், 1 போட்டால் பிப்ரவரி. முதல் தடவை நானே மாட்டினேன்.) விஷயம் முடிந்தது.

தலைப்பிறை

தம்பி, அது சவூதிக்கு முடிந்தது. கோடில் `umalqura` என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மக்காவில் சூரியன் மறையும் முன் சந்திரன் கூடியதா, சூரியனுக்குப் பிறகு சந்திரன் மறைகிறதா என்று கணக்கிட்டு முன்கூட்டியே போடும் அட்டவணை அது. கீழக்கரைக் கடற்கரையில் பிறை தெரிந்ததா என்று அதற்குத் தெரியாது. அடுத்த வருஷம் லீவு திட்டமிட உதவும், சஹருக்கு எழுப்ப உதவாது.

குவைத் ரிட்டர்ன்

காக்காவின் 30ஆம் தேதி லீவுக்கு நான் பதில் சொல்கிறேன். அங்கே மிஃராஜ் அரசு விடுமுறை. இந்த வருஷம் அது 27 திங்களில் விழுந்தது, வாரக்கடைசியோடு சேரட்டும் என்று அரசாங்கமே 30 வியாழனுக்கு மாற்றியது. லீவு நகர்ந்ததே ஒழிய ரஜப் 27 நகரவில்லை. காக்காவிடம் சிரிப்பைத் திருப்பிக் கொடுங்கள்.

சுன்னத் மட்டும்

மிஃராஜ் ரஜப் 27இல்தான் நடந்தது என்பதற்கு ஆதாரம் என்ன? குர்ஆனில் 17ஆம் சூராவின் முதல் வசனத்தில் இரவுப் பயணம் இருக்கிறது, தேதி இல்லை. பராஅத் இரவுக்கென்று தனித் தொழுகையும் இல்லை. தேதியைத் தேடுவதே வீண் வேலை.

தலைப்பிறை

தேதி வசனத்தில் இல்லை என்பது உண்மை, மாதத்தைப் பற்றியே முற்கால உலமாக்கள் வேறு வேறாகச் சொல்லியிருக்கிறார்கள். அது தனிச் சண்டை, வேறு இழை போடுங்கள். இந்தத் தங்கச்சி கேட்டது பள்ளிப் பலகையும் ஆப்பும் ஏன் மோதுகின்றன என்று.

மாத்தளை நானா

இலங்கையில் மாதா மாதம் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறை மாநாடு கூடித் தீர்மானிப்பாங்க, வானொலியிலேயே கேட்டுடலாம். உங்கட பக்கம் ஊருக்கு ஊர் அறிவிப்பா?

தலைப்பிறை

நானா, தமிழ்நாட்டில் தலைமை காஜியின் அறிவிப்பு உண்டு, பெரும்பாலான பள்ளிகள் அதை எடுக்கும். உலகில் எங்கே பார்த்தாலும் போதும் என்பவர்களும், கணக்கே போதும் என்பவர்களும் தனியாக இருக்கிறார்கள். ஒரே தெருவில் இரண்டு தேதியில் நோன்பு தொடங்கியதைப் பார்த்தவன் நான். அந்த வழக்கை இங்கே யாரும் தீர்க்கப் போவதில்லை.

தினசரித் தாள்

என் சிக்கல் வேறு. அத்தா மௌத்தானது ரஜப் 26 என்று தாள் கிழிக்கும் காலண்டரைப் பார்த்து எழுதி வைத்தோம், இரவு ஒன்பது மணிக்கு. இப்போது அண்ணன் அது 27ஆம் இரவு, மிஃராஜ் இரவிலேயே போனார்கள் என்கிறார். வருஷ ஃபாத்திஹா எந்த நாளில் ஓதுவது?

தலைப்பிறை

மஃரிபுக்குப் பிறகு என்றால் அண்ணன் சொல்வதுதான் முறை, அன்று பகல் 26 என்றால் இரவு 27ஆம் இரவே. ஆனால் அந்தக் காலண்டர் முந்தின வருஷமே அச்சானது, பிறை பார்த்து அச்சடித்ததில்லை. அந்த மாதம் உங்கள் ஊரில் ரஜப் எந்த மாலை பிறந்தது என்று பள்ளியில் எழுதி வைத்திருக்கிறார்களா பாருங்கள்.

தினசரித் தாள்

பழைய மோதினார் ஒரு நோட்டில் எழுதுவார், அவரும் இப்போது இல்லை. தேடச் சொல்கிறேன்.

ஒண்ணு கூட்டு

சரி, ஷஃபானுக்கு நான் தோற்றேன். ரமலானுக்கு என் கணக்கு வருகிறதா இல்லையா பாருங்கள்.

கடலோரக்காரி (பிப்ரவரி 14)

நேற்று மஃரிப் பாங்கு சொல்லி முடிந்ததும் ஆப்பைத் திறந்து பார்த்தேன், இன்னும் ஷஃபான் 14 என்றே காட்டியது. பன்னிரண்டு மணி தாண்டித்தான் 15 ஆனது. அதற்குள் உம்மா மூன்று யாசீனும் ஓதி முடித்திருந்தார். சஹருக்கு எழுப்பப் போனால் எனக்கு முன்னமே எழுந்து அடுப்படியில் நிற்கிறார். காக்காவிடம் லீவு விஷயத்தைச் சொன்னேன், பதில் இல்லை, நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.

ஒண்ணு கூட்டு (மார்ச் 2)

சவூதியில் நேற்று முதல் நோன்பு, நமக்கு இன்று. ஒண்ணு கூட்டியாச்சு!

தலைப்பிறை

இந்த மாதம் கூட்டுங்கள் காக்கா. பெருநாளுக்கு மறுபடி பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.